இந்த மாத அளவு

மே 12, 2024 (கர்ப்பம் 12 வாரம் முடிந்தது)

வயிறு வெளியே தெரியவில்லை, ஆனால் பிரா இறுக்கிப் பிடிக்கிறது. முதல் மாதங்களில் பெரிதாவது மார்புதான் என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். கடையில் ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்கள் என்பதால், வீட்டிலேயே டேப் வைத்து எடுத்தேன். மார்புக்குக் கீழே, மூச்சை விட்டபின் இறுக்கமாகச் சுற்றினால் 35 அங்குலம். மார்பின் உயர்ந்த இடத்தில், டேப்பை இறுக்காமல் 39. கீழ்ச்சுற்று ஒற்றைப்படையில் வந்தால் அடுத்த இரட்டைப்படை எண், அதாவது 36. கப்புக்கு, மேல் அளவுக்கும் இந்த 36-க்கும் உள்ள வித்தியாசம்: ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி. இதுவரை 34 பி போட்டவள் இப்போது 36 சி.

கம்பி இல்லாத காட்டன், பின்னால் மூன்று வரிசைக் கொக்கி உள்ளதாக இரண்டு வாங்கினேன். சாதாரணமாகப் புது பிராவை வெளி வரிசைக் கொக்கியில் போட்டால் சரியாக இருக்க வேண்டும். துணி தளரத் தளர உள்ளே மாற்றலாம். இப்போது அது தலைகீழ். குழந்தை வளர வளர விலாக்கூடும் விரியும், அதனால் உள் வரிசையில் இறுக்கமாக நிற்பதாகப் பார்த்து எடுத்தேன். வெளியே இரண்டு வரிசை மிச்சம் இருக்கிறது.

ஜூன் 30

பள்ளி திறந்துவிட்டது, புடவை கட்டாயம். நின்றுகொண்டே ஐந்து பீரியட். பழைய ஜாக்கெட்டுகளை டெய்லர் அக்காவிடம் கொண்டுபோனேன். பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒன்றரை இஞ்ச் உள்ள விட்டிருக்கேன் கண்ணு, பிரிச்சுத் தர்றேன். இதுல ஒண்ணுமே விடல, தூக்கிப் போடு" என்றார். ரெடிமேடாக வாங்கியது அந்த இரண்டாவது. பிரித்தாலும் கை இறுகும் என்பதால், கைக்குழியிலும் கொஞ்சம் விட்டுத் தரச் சொன்னேன்.

பெரிய தொல்லை பாவாடை நாடா. ஆறு கஜப் புடவையின் கனம் முழுவதும் அந்த ஒரு கயிற்றில் நிற்கிறது. சாயங்காலம் அவிழ்த்தால் இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு. நாடாவை உருவிவிட்டு, இரண்டங்குல அகல எலாஸ்டிக் கோத்து, தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறேன். கொசுவத்தைக் கொஞ்சம் குறைத்தால் முன்னால் கனமும் குறைகிறது. வீட்டுக்கு வந்ததும் நைட்டிதான். அதைத் தைத்தவருக்குக் கோயில் கட்டலாம்.

ஆகஸ்ட் 25

கொக்கி வெளி வரிசைக்கு வந்துவிட்டது. இனிமேல் இதில் இடமில்லை. கையைத் தூக்கினால் பின்பட்டை முதுகில் ஏறவில்லை, ஆகவே சுற்றளவு பெரிதில்லை. ஆனால் கப்பின் ஓரத்தில் சதை பிதுங்குகிறது. தோளில் பட்டை பதிந்த பள்ளமும் தெரிகிறது. கனத்தைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டை. தோள்பட்டை அதைச் செய்ய ஆரம்பித்தால் பிரா தோற்றுவிட்டது என்று அர்த்தம். பின்பக்கம் மாட்டும் கொக்கி எக்ஸ்டென்டர் சுற்றளவைத்தான் கூட்டும், கப்பைக் கூட்டாது. அதனால் அது எனக்கு உதவாது.

மாடிப்படி ஏறும்போது இடுப்பெலும்புப் பக்கம் வலி. டாக்டரம்மாவைக் கேட்டேன், வயிற்றுப் பெல்ட் போடலாம் என்றார். வயிற்றின் அடியில், இடுப்பெலும்பின்மேல் சுற்றி, கீழிருந்து தாங்க வேண்டும். வயிற்றின் நடுவே இறுக்கிக் கட்டக் கூடாது. நிற்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் கழற்றிவிடச் சொன்னார். நெஞ்செரிச்சலோ மூச்சுத் திணறலோ கால் மரத்துப்போவதோ இருந்தால் இறுக்கம் அதிகம். அத்தை, "இதெல்லாம் நாங்க போட்டோமா?" என்றார். படியில் என்னைப் பார்த்துவிட்டு, பெல்ட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 14

மெட்டி இறுகுகிறது. சோப்பு தடவிக் கழற்றி வைத்தேன். வீக்கம் முற்றினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

செருப்பு வாங்கச் சாயங்காலம் போனேன், காலையில் கால் வேறு அளவு. 6 போட்டவளுக்கு 7 சரியாக இருந்தது. வீக்கம் வடிந்துவிடும், ஆனால் தசைநார்கள் தளர்ந்து பாதத்தின் வளைவு தாழ்ந்தால், பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்குக் கால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லையாம். அதனால் நல்லதாகவே வாங்கினேன்: குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை, வழுக்காத அடிப்பகுதி, ஓர் அங்குலத்துக்கு மிகாத குதி, இழுத்து ஒட்டும் பட்டை. குனிந்து பக்கிள் மாட்டும் காலம் போய்விட்டது. கால் வீக்கம் சகஜம், ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ செருப்பு தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அக்டோபர் 24 (36 வாரம்)

பாலூட்டும் பிரா வாங்கும் நேரம். கீழ்ச்சுற்று 37.5, மேலே 42. வித்தியாசம் 38-இலிருந்து நான்கு, ஆக 38 டி. கொக்கிக் கணக்கு மறுபடி மாறுகிறது. பிரசவத்துக்குப் பிறகு விலாக்கூடு சுருங்கும், அதனால் இந்த முறை வெளி வரிசையில் சரியாக இருப்பதை எடுத்தேன். உள் வரிசைகள் அப்போது தேவைப்படும். பால் கட்டும்போது மார்பு இன்னும் பெருக்கும் என்பதால் கப் இழுபடும் துணி. அழுத்தினால் பால் கட்டி வலிக்கும் என்று அம்மாவும் எச்சரித்தார். கிளிப்பை ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்தேன். ஒன்று முடியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போதைக்கு இரண்டு மட்டும். மற்றவற்றைப் பால் வரத்து நிலையானபின் அளந்து வாங்கிக்கொள்ளலாம்.