வேலூர் உப்புத் தண்ணியில் துணி துவைக்கக் கற்றுக்கொண்ட கதை

கும்பகோணத்திலிருந்து வேலைக்காக வேலூர் வந்து, சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மொட்டை மாடி அறையில் தனியாகக் குடியேறினேன். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பையில் இரண்டு மஞ்சள் பார் சோப்பை வைத்து அனுப்பினார்கள். "துணியை ஊற வை, சோப்பு போடு, கும்மு, அலசு. அவ்வளவுதான்" என்றார்கள். எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீருக்கு அது போதும். வேலூர் போர் தண்ணீருக்குப் போதாது என்று தெரிய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் மூன்று வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டன.

முதல் வாரமே வித்தியாசம் தெரிந்தது. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழும்பாது. வாளித் தண்ணீரின் மேல் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஒரு ஆடை மிதக்கும். சோப்பு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் தேய்த்தேன். சட்டைக் கழுத்தில் பிசுக்கு ஒட்டியது. துண்டு காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது, முகம் துடைத்தால் உறுத்தியது.

கீழ் வீட்டு ஆயா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வடகம் காயப் போட வந்தவர், கொடியில் கிடந்த என் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இன்னா நைனா, வெள்ளச் சட்ட இப்டிக் கீது? எந்தத் தண்ணில தொவைக்கிற?"

"போர் தண்ணிதான் ஆயா."

"அது உப்புத் தண்ணி. அதுல கட்டி சோப்பு போட்டா சோப்பு திரிஞ்சிடும். அழுக்கோட சேந்து துணிலயே ஒட்டிக்கும். நீ தொவைக்கலப்பா, பூசினு கீற."

நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் நாம் உப்பு என்று சொல்வது. எண்ணெயில் காய்ச்சிய பார் சோப்பு இவற்றோடு சேர்ந்ததும் தண்ணீரில் கரையாத பசையாக மாறிவிடும். நுரை வராததும் அதனால்தான், மேலே மிதக்கிற ஆடையும் அதுதான். அந்தப் பசை நூல் இழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோப்பைக் கூட்டக் கூட்டப் பசைதான் கூடும். துணிப் பவுடர் வேறு வகை. அது இப்படித் திரிவதில்லை, ஆனாலும் உப்புத் தண்ணீரில் அதன் வேலையும் குறையும்.

உங்கள் அறைத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களை எடுங்கள். ஒன்றில் பாதி வரை குடிக்கிற கேன் தண்ணீர், இன்னொன்றில் பாதி வரை குழாய்த் தண்ணீர். இரண்டிலும் பார் சோப்பைச் சுண்டு விரல் நகமளவு சீவிப் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். என் அறையில் கேன் தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நுரைத்தது, அடியில் தண்ணீர் தெளிவாக நின்றது. போர் தண்ணீர் பாட்டிலில் நுரையே இல்லை, தண்ணீர் முழுக்க வெள்ளைத் துகள். இந்தச் சோதனையைப் பார் சோப்பில்தான் செய்ய வேண்டும். பவுடர் போட்டால் இரண்டுமே நுரைக்கும், வித்தியாசம் தெரியாது.

அன்று மாலையே கடைக்குப் போனேன். வாங்கியது கொஞ்சம்தான். 20 லிட்டர் வாளி இரண்டு, ஒரு கப், மெத்தென்ற பிரஷ் ஒன்று, துணிப் பவுடர் ஒரு கிலோ, சலவைச் சோடா அரை கிலோ, வெள்ளை வினிகர் ஒரு பாட்டில், நைலான் கயிறு, ஒரு டஜன் கிளிப். வாளி இரண்டு கட்டாயம் வேண்டும். ஒன்றில் ஊறும்போது மற்றதில் அலசத் தண்ணீர் பிடிக்கலாம். சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் ஒன்றல்ல, கடையில் துணிக்கு என்று சொல்லியே கேளுங்கள். அம்மா கொடுத்த பார் சோப்பைக் கை கழுவ வைத்துக்கொண்டேன்.

இப்போது ஞாயிறு காலை நான் செய்வது இதுதான். மூன்று சட்டை, ஒரு பேண்ட், நான்கு பனியன், ஒரு துண்டு என்றால் இரண்டு தவணை. வெள்ளையும் வெளிர் நிறமும் முதலில், அடர் நிறம் பிறகு. புதிதாக வாங்கிய நிறத் துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பார்ப்பேன். சாயம் ஏறினால் அதைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

வாளியில் பாதிக்கு, அதாவது 10 லிட்டர் தண்ணீர் பிடித்து, முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுவேன். தண்ணீர் லேசாகப் பால் மாதிரி கலங்கும். உப்பு பிரிந்து வருகிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் இரண்டு மேசைக்கரண்டி பவுடரைப் போட்டு, கட்டி இல்லாமல் கரைத்து, துணியை அமுக்குவேன். இந்த வரிசை மாறக் கூடாது. சோடா முன்னால் போனால் உப்பை அது பார்த்துக்கொள்ளும், பவுடர் அழுக்கைப் பார்த்துக்கொள்ளும். சோடா கையை வறளச் செய்யும், அதனால் கப்பின் காம்பால் கலக்குங்கள், முடித்ததும் கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பட்டிலும் கம்பளியிலும் சோடா படவே கூடாது.

ஊறுவதற்கு அரை மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறினால் அழுக்கு நன்றாக விடும் என்று நினைத்து ஒரு முறை சித்திரையில் அப்படி விட்டேன், காலையில் வாளி நாறியது. ஊறிய பிறகு கழுத்துப் பட்டையிலும் கை மடிப்பிலும் மட்டும் துளி பவுடர் தூவி பிரஷ்ஷால் தேய்ப்பேன். மற்ற இடங்களைக் கையால் கசக்கினால் போதும். கல்லில் அடித்தால் பட்டன் உடைவதுதான் மிச்சம்.

அலசுவதில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். குறைந்தது மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்ததில் போட வேண்டும். பிழியாமல் மாற்றினால் பழைய சோப்புத் தண்ணீரைத்தான் புது வாளிக்குக் கொண்டுபோகிறோம். விரலுக்கிடையில் துணியைத் தேய்த்தால் வழுக்கக் கூடாது, அதுதான் கணக்கு. நான்காவதாக, 10 லிட்டர் தண்ணீரில் அரை டம்ளர், சுமார் 100 மில்லி வினிகர் ஊற்றி ஐந்து நிமிடம் முக்கிப் பிழிகிறேன். சோடா பிரித்த உப்பு துணியில் துகளாகத் தங்கித்தான் விறைப்பைக் கொடுக்கிறது, வினிகர் அதைக் கரைத்துவிடும். காய்ந்தால் வாசனை இருக்காது. துண்டு மறுபடி துண்டாக ஆனது இந்த அரை டம்ளரால்தான்.

சாம்பலாகிப் போன சட்டைகளுக்கு வருகிறேன். அவற்றில் இரண்டு மீண்டுவிட்டன. அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டம்ளர் வினிகர் ஊற்றி அரை மணி நேரம் ஊற வைத்தேன். துணியில் பிடித்திருந்த பசையை அது உடைத்துக் கொழுப்பாக மாற்றிவிடும். நன்றாக அலசிவிட்டு, சோடாவும் பவுடரும் கரைத்த சூடான தண்ணீரில் இன்னொரு அரை மணி நேரம். அந்தக் கொழுப்பு அப்போது இறங்கியது, வாளித் தண்ணீர் பழுப்பாக மாறியதைக் கண்ணால் பார்த்தேன். ஒரே தடவையில் முழுதாகப் போகவில்லை, அடுத்த வாரம் ஒருமுறை செய்ததும் வேலைக்குப் போட்டுப் போகும் அளவுக்கு வெளுத்தது.

மூன்றாவது சட்டையை ஆயாவிடம் கேட்பதற்கு முன்பே நான் பிளீச்சிங் தண்ணீரில் போட்டிருந்தேன். அது வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகி, அங்கங்கே துருக் கறை மாதிரி பிடித்துக்கொண்டது. காரணம் எங்கள் போர் தண்ணீரில் இருக்கும் இரும்பு. பிளீச் பட்டதும் அது துருவாகித் துணியில் படிந்துவிடும். ராத்திரி வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் காலையில் அடியில் செம்மண் மாதிரி படிந்திருந்தால் பிளீச் பக்கமே போகாதீர்கள். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்ததில் கறை பாதி மங்கியது, அந்தச் சட்டை இப்போது வீட்டில் போட்டுக்கொள்ள. அதைவிட முக்கியமான ஒன்று: பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. நான் எலுமிச்சை தடவியது சட்டையை ஐந்தாறு தண்ணீரில் அலசிய பிறகுதான்.

காய வைப்பதற்கு இந்த ஊரில் கவலையே இல்லை. கோடையில் மாடியில் போட்டால் சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் அந்த வெயில் சாயத்தையும் சேர்த்து உறிஞ்சும். நிறத் துணியை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு, காய்ந்த உடனே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட வேண்டும். இஸ்திரிக்குத் தெருமுனை வண்டி இருக்கிறது.

ஒன்றை ஆயா கடைசியாகத்தான் சொன்னார். சில நாளுக்கு ஒருமுறை கீழே தெருக்குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். "அதுல தொவைச்சுப் பாரு நைனா" என்றார். பாட்டிலில் பிடித்து பார் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன், கேன் தண்ணீர் அளவுக்கு இல்லாவிட்டாலும் நுரைத்தது. எங்கள் ஊர் ஆறு மேட்டூரிலிருந்து குழாய் வழியாக இங்கேயும் வந்திருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் எல்லோருக்கும் வேண்டிய தண்ணீர், அதனால் நிறைய எடுப்பதில்லை. இரண்டு வாளி மட்டும் பிடித்து மூடி வைக்கிறேன். வெள்ளைச் சட்டைகளை ஊற வைக்க ஒன்று, கடைசி அலசலுக்கு ஒன்று. நடுவில் அலச போர் தண்ணீர். அந்த வாரம் சோடாவும் வேண்டியதில்லை, வினிகரும் வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளை ஆயா கீழிருந்து குரல் கொடுத்துச் சொல்வார், நான் வாளிகளோடு இறங்குவேன், அவருடைய குடங்களையும் நானே நிரப்பி உள்ளே வைத்துவிட்டு மேலே ஏறுவேன்.