பாதியில் நிற்கும் கட்டடமும் முழு நட்டமும்

தருமபுரியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிந்தபோது, கிருஷ்ணகிரிக்கு அருகே கல்லூரி விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு என்னிடம் வந்தது. ஒப்பந்தத் தொகை 2.40 கோடி ரூபாய். கம்பி, சிமெண்டின் விலை ஏறினாலும் இந்தத் தொகை மாறாது. அடித்தளத் தோண்டலுக்கோ, மண்ணாயினும் பாறையாயினும் ஒரே விலை என்று எழுதப்பட்டிருந்தது. பூமிக்குச் சற்றுக் கீழேயே கருங்கல் கிடக்கும் இந்தப் பகுதியில் அப்படியொரு வரிக்குக் கையெழுத்திடத் துணிச்சல் வேண்டும்.

முதல் ஆண்டில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. மொத்தச் செலவு 2.16 கோடி ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆண்டு முடிவில் 54 லட்சம் செலவாகியிருந்ததால், வேலையில் கால்பங்கு முடிந்ததாகக் கொண்டு, 60 லட்சம் வருவாயும் 6 லட்சம் லாபமும் காட்டப்பட்டன. இரண்டாம் ஆண்டில் விடுதியின் பின்பகுதிக்குக் குழி தோண்டியபோது பாறை வந்தது. பக்கத்தில் வீடுகள் இருந்ததால் வெடி வைக்க வழியில்லை. பிரேக்கர் இயந்திரத்தால் நாள்கணக்கில் உடைக்க வேண்டியதாயிற்று. அத்துடன் கம்பி விலையும் ஏறியது. அந்த மார்ச் 31 வரை ஆன செலவு 1.08 கோடி.

இனி எவ்வளவு ஆகும் என்பதே எங்களுக்கு முக்கியமான கேள்வி. அதைப் பழைய மதிப்பீட்டிலிருந்து கழித்துப் பெற முடியாது என்பதால், தளப் பொறியாளருடன் அமர்ந்து, மீதமுள்ள ஒவ்வொரு வேலையின் அளவையும் அன்றைய விலையால் பெருக்கி, மேஸ்திரிகள் இன்னும் பில் கொடுக்காத வேலையையும் ஆன செலவில் சேர்த்தோமா என்று சரிபார்த்தோம். மீதிச் செலவு 1.62 கோடி என்று வந்தது. ஆக மொத்தம் 2.70 கோடி; ஒப்பந்தம் முழுவதற்குமான நட்டம் 30 லட்சம்.

வேலை முடிந்த விகிதம் 40 விழுக்காடு. அதன்படி இதுவரையிலான வருவாய் 96 லட்சம், செலவு 108 லட்சம், நட்டம் 12 லட்சம். நிறுவனத்தின் இயக்குநர் இந்த இடத்தில்தான் நின்றார். “சார், நடந்த வேலைக்கு 12 லட்சம்தானே நட்டம்? மீதியை வேலை நடக்கும்போது போட்டுக்கொள்ளலாமே. ஓசூரில் எடுத்திருக்கிற வேலையில் இதற்கு மேலேயே லாபம் வரும்” என்றார். வங்கிக் கடன் வரம்பைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் என்பதால் அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. ஆனால், கட்டுமான ஒப்பந்தங்களுக்கான கணக்கியல் தரம் ஏ.எஸ். 7 இதில் இடம் கொடுப்பதில்லை. மொத்தச் செலவு மொத்த வருவாயை மிஞ்சக்கூடும் என்று தெரிந்தவுடனேயே, எதிர்பார்க்கப்படும் நட்டம் முழுவதையும் செலவாக எழுத வேண்டும். வேலை எவ்வளவு முடிந்தது, தொடங்கியதா இல்லையா, தனி ஒப்பந்தமான வேறொன்றில் லாபம் வருமா என்பவை அந்தத் தொகையைக் குறைக்க மாட்டா. பாறைக்காக அவர் கேட்டிருந்த கூடுதல் தொகையையும் வருவாயில் சேர்க்க முடியவில்லை. “முடித்த பிறகு பார்க்கலாம்” என்ற கல்லூரித் தரப்பின் வாய்வார்த்தையைத் தவிர எங்கள் கையில் எதுவும் இல்லை.

ஆகவே, 12 லட்சத்துக்கு மேல், மீதி 60 விழுக்காட்டு வேலைக்கு உரிய 18 லட்சத்துக்கு ஒதுக்கீடு வைத்தோம். ஒதுக்கீடாகவே 30 லட்சத்தைப் போட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. அப்படிச் செய்தால், ஏற்கெனவே கணக்கில் ஏறிய 12 லட்சம் இரண்டு முறை வந்துவிடும். ஆனாலும் அந்த ஓர் ஆண்டின் லாபநட்டக் கணக்கு தாங்கிய சுமை 36 லட்சம். இந்த ஆண்டுக்குரிய வருவாய் 36 லட்சம், செலவு 54 லட்சம், அதனால் நட்டம் 18 லட்சம். ஒதுக்கீடு இன்னொரு 18 லட்சம். முதல் ஆண்டில் காட்டிய 6 லட்சம் லாபம் திரும்பப் போக வேண்டும் அல்லவா? அதனால்தான் 30 லட்சம் 36 லட்சமாயிற்று. இயக்குநருக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார்.

வருமான வரிக் கணக்கு தனி வழியில் செல்கிறது. கட்டுமான ஒப்பந்தங்களுக்கான வருமானக் கணக்கீட்டுத் தரம் ஐ.சி.டி.எஸ். 3, வேலை முடிந்த அளவுக்கு உரிய நட்டத்தையே ஏற்கிறது. ஆகவே அந்த 18 லட்சம் ஒதுக்கீட்டை வரிக்கான வருமானத்தில் திரும்பச் சேர்த்தோம்.

மூன்றாம் ஆண்டில் வேலை முடிந்தபோது மொத்தச் செலவு 2.73 கோடியில் நின்றது. அந்த ஆண்டின் வருவாய் 144 லட்சம், செலவு 165 லட்சம். 21 லட்சம் நட்டத்தில் 18 லட்சத்தை ஒதுக்கீடு ஏற்றுக்கொள்ள, எங்கள் மதிப்பீட்டுக்கு மேல் போன 3 லட்சம் மட்டும் அந்த ஆண்டின் கணக்கில் விழுந்தது.