கேம்பல் லேனில் ஓர் அவுரி நீலச் சேலை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சேலை பார்க்க வருபவர்கள் கேம்பல் லேனுக்குப் பகலிலேயே வந்துவிடுவது நல்லது. கடை விளக்கில் எல்லா நீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அனுமதி கேட்டு, சேலையை ஐந்தடிப் பாதையின் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அவுரிச் சாயம் தோய்த்த பருத்தியில் நூலுக்கு நூல் லேசான ஏற்ற இறக்கம் இருக்கும். அது குறையல்ல, கைத்தோய்ப்பின் அடையாளம்.

அடுத்து வரும் கேள்வி விலை. இந்தச் சேலையின் விலை முதலில் சாயத் தாழியில் ஏறுகிறது. அவுரிக் கட்டி தண்ணீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்பு நீருடன் சேர்த்துப் பல நாள் புளிக்கவிட்டால்தான் சாயம் கரைந்து நூலுக்குள் இறங்கும். தாழி தயாரா என்பதை நிறமே சொல்லிவிடும்: மேலே செம்பு மினுமினுப்பும் நீல நுரையும், உள்ளே மஞ்சள் கலந்த பச்சை. உள்ளேயும் நீலமாக இருந்தால் சாயம் இன்னும் கரையவில்லை, அன்று தோய்க்கக் கூடாது. நூல் கழியை முக்கி, பிழிந்து, காற்றில் விரித்தால் பச்சை நம் கண்ணெதிரே நீலமாகும். வெளிர் நீலத்துக்கு ஓரிரு முக்கு போதும். அடர் நீலத்துக்கு ஆறு ஏழு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றில் ஆறவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிலர் அவசரப்படுகிறார்கள். கெட்டியான தாழியில் ஒரே முக்கில் அடர் நீலம் எடுத்தால், சாயம் நூலின் மேலேயே தங்கிவிடும். உலர்ந்த வெள்ளைக் கைக்குட்டையால் முந்தானையின் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை, நன்றாகத் தோய்த்த அவுரியும் தொடக்கத்தில் கொஞ்சம் விடும். கைக்குட்டை நீலமாகவே மாறினால் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

இனி தறி. சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். அங்குலத்துக்குக் குறுக்கு இழையான ஊடை 60 என்றால், அதைச் சுமக்கும் நாடா ஏறக்குறைய 13,000 முறை குறுக்கே ஓட வேண்டும். அறுந்த இழையை முடிச்சிடுவது, நாடாவில் ஊடை நூல் சுற்றிய தார் மாற்றுவது எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 20 இழை என்று வைத்தால், நெய்ய மட்டுமே 11 மணி நேரம். நீளவாட்டு இழைகளான பாவு ஓடுவதும், கஞ்சி போட்டு உலர்த்துவதும், பழைய பாவின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இழை நுனிகளில் புதியதைப் பிணைப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒரு பாவில் பல சேலை வருவதால் அந்த உழைப்பு பங்கிடப்படும்.

கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வையாக இருந்தால் கணக்கே மாறும். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓடும். தறியில் இன்னொருவர் கூட உட்கார வேண்டும். கரை சேரும் இடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், இரு நிற ஊடைகளும் கோத்து வாங்கிய கோடு தெரியும்.

கையில் இருக்கும் பணம் குறைவென்றால் கோர்வையை விட்டுவிட்டு, வெளிர் நீலத்தில் சாதாரணக் கரை கேளுங்கள். முக்குகளும் தறி மணி நேரமும் குறையும், சாயமும் நூலும் அதே தரம்தான். வீட்டில் தனியாக அலசி, மூங்கில் கழியில் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.