இரண்டரை மணி நேரம்தானே

சிங்கப்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அமெரிக்காவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை. “பக்கத்து ஊர் மாதிரிதானே, நெனச்சா பேசலாம்” என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். சிப் தயாரிக்கும் வேஃபர் ஃபேப்பில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத்தான் அந்த இரண்டரை மணியின் குணம் தெரியும்.

எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். ஓவர்டைம் அதில் சேராது. டெக்னீஷியன்களில் பலருக்கு அது எட்டாத தொகை. ஆக, கல்யாணம் ஆகியும் ஆண்டுக்கணக்கில் ஃபோனிலேயே குடும்பம் நடக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கணவர் உட்லண்ட்ஸில் ஒரு ஃபேப்பில். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, ஏழுக்கு ஏழு. மனைவி திருச்சியில் ஒரு அலுவலகத்தில். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று.

பகல் ஷிப்ட் ஏழு மணிக்கு முடிகிறது. அடுத்த ஆளிடம் மெஷின் நிலவரம் சொல்லி, உடம்பு முழுக்க மூடும் பன்னி சூட்டைக் கழற்றி, பஸ் பிடித்து வீடு வர எட்டேகால். குளித்துச் சாப்பிட்டுக் கட்டிலில் உட்காரும்போது ஒன்பது. காலை ஐந்துக்கு எழ வேண்டும் என்றால் பத்தேகாலுக்குப் படுத்தாக வேண்டும். பேசக் கிடைப்பது ஒன்பதிலிருந்து பத்து. திருச்சியில் அது ஆறரையிலிருந்து ஏழரை: குக்கர் விசில், பிள்ளையின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை. ஃபோனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்து அவர் “ம்… ம்…” என்பார். திரையில் தெரிவது பாதி நெற்றியும் மின்விசிறியும். இவருக்கோ அன்று அதுதான் ஒரே மணி நேரம். “என்கூடப் பேசப் பிடிக்கலையா?” என்ற கேள்வி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மனைவிக்குக் கை ஓய்வது ஒன்பது மணிக்குமேல். இங்கே பதினொன்றரை தாண்டியிருக்கும். தூக்கத்தில் எடுத்து, பாதியில் கண் அசந்து, காலையில் என்ன பேசினோம் என்றே நினைவில்லாமல் போகும். சொன்னதை மறந்தார் என்ற வருத்தம் தனிக்கணக்கு.

எல்லாரும் சலித்துக்கொள்ளும் இரவு ஷிப்ட்தான் பேசுவதற்கு நல்லது. நள்ளிரவு பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றால் ஊரில் ஒன்பதரை. பிள்ளை தூங்கியிருக்கும், அடுப்படி கழுவியாகிவிட்டிருக்கும். ஆனால் முக்கால் மணி இடைவேளை முழுதாகக் கைக்கு வராது. பன்னி சூட், முகக்கவசம், கையுறை, பூட்ஸ் கழற்றி லாக்கருக்கு வர வேண்டும். கேமரா ஃபோனைப் பல ஃபேப்களில் உள்ளே விடமாட்டார்கள். சாப்பிட்டு, திரும்ப சூட் மாட்டி, தூசியை ஊதித் தள்ளும் ஏர் ஷவர் தாண்டும் நேரமும் போனால் மிஞ்சுவது பதினைந்து, இருபது நிமிடம். மெஷின் அலாரம் அடித்தால் அதுவும் இல்லை. அதனால் முதலில் பேச்சு, பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொள்பவர்கள் அதிகம். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டால் “சரி, டைம் ஆச்சு” என்பதுதான் கடைசி வார்த்தையாக இருக்கும்.

இரவு ஷிப்டில் இன்னொரு வாசலும் உண்டு. காலையில் ஒன்பது மணிக்குப் படுத்தவர் மாலை நான்குக்கு எழும்போது அங்கே ஒன்றரை, மனைவியின் மதிய உணவு நேரம். காலை எட்டேகாலுக்கு வீடு வந்ததும் கூப்பிடுவதுதான் தப்பு. அங்கே ஐந்தே முக்கால், பால் பொங்கும் நேரம்.

ஆகவே, தினம் ஒரே மணிக்குப் பேசுவோம் என்ற வாக்குறுதி ஷிப்ட் மாறிய மறுநாளே உடையும். ரோஸ்டர் வந்தவுடன் அதை ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதி அனுப்பிவிடுவதே மேல்: “3ஆம் தேதிவரை இரவு ஒன்பதரை. 4, 5 ஆஃப். 6லிருந்து மாலை ஆறரை, பத்து நிமிஷம் போதும்.” எப்போதும் ஊர் நேரத்தையே சொல்லுங்கள். “எட்டரைக்குக் கூப்பிடறேன்” என்று மொட்டையாகச் சொல்லி, யாருடைய எட்டரை என்பதில் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. பகல் ஷிப்ட் வாரங்களுக்கு இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் கைகொடுக்கும். கோபத்தை மட்டும் அதில் அனுப்பக்கூடாது. ஷிப்ட் முடியும்வரை லாக்கரில் பதில் இல்லாமல் கிடக்கும், அங்கே அது மௌனமாகக் கேட்கும்.

பணம், வீடு, பிள்ளையின் பள்ளி மாற்றம் போன்ற நீளமான பேச்சை ஆஃப் நாளுக்கு ஒதுக்குவார்கள். அதிலும் கடைசி இரவு ஷிப்ட் முடிந்த முதல் நாள் வேண்டாம். உடம்பு அன்று கட்டிலைத் தவிர எதையும் கேட்காது. இரண்டாம் நாள் ஞாயிறாக அமைந்தால் நல்லது. அப்போதும் காலையில் ஊரில் கறி எடுத்து வரப் போயிருப்பார்கள். மதியம் மூன்றுக்கு வீட்டில் மற்றவர்கள் ஒரு தூக்கம் போடுவார்கள், அதுதான் பேசத் தோதான நேரம். இங்கே ஐந்தரை, துணி காயப்போட்டு, மார்க்கெட் போய் வந்து, அறைக்காரர்கள் வெளியே கிளம்பியிருக்கும் நேரம்.