சித்தியான செய்தி மட்டும் என்னுடையது

அக்காவுக்குக் குழந்தை பிறந்து முப்பத்தொன்றும் கழிந்துவிட்டது, துடக்குக் கழித்து வீடெல்லாம் கழுவியாகிவிட்டது, இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. குழந்தையைப் பற்றி இல்லை, குழந்தை பிறந்ததற்கு நான் எழுதிய மூன்று வரியைப் பற்றி. அந்த மூன்று வரியை எழுத எனக்கு ஆறு நாள் எடுத்தது, அதற்குள் ஒரு பிழையும் விட்டுவிட்டேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் விசுவமடுப் பக்கம். அக்காவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. புதன்கிழமை விடிவதற்கு முன்னமே அத்தான் அம்மாவுக்குப் போன் எடுத்து, இரண்டு பேரும் சுகம் என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு படமும் அனுப்பினார். வெள்ளைத் துணிக்குள் ஒரு சின்ன முகம், அவ்வளவுதான். நான் முற்றத்தில் நின்று அழுதேன், சிரித்தேன், அப்புறம் காலை ஆறரை மணிக்கு அந்தப் படத்தை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு "நான் சித்தியாகிட்டன்!!!" என்று எழுதிவிட்டேன்.

அம்மா பால் காய்ச்சிக்கொண்டு நின்றவர் என்னுடைய போனை எட்டிப் பார்த்துவிட்டு, "எடி பிள்ளை, சம்பந்தியாக்கள் இன்னும் அறியேல்லையடி, எடு அதை" என்றார். உடனே அழித்தேன். போட்டு ஆறு நிமிஷம் இருக்கும். பதினொரு பேர் பார்த்திருந்தார்கள்.

எங்களுக்குக் காலை ஆறரை என்றால் கனடாவில் ரொறன்ரோவில் கோடை காலத்தில் முதல் நாள் இரவு ஒன்பது மணி. எல்லோரும் வேலை முடிந்து, சாப்பிட்டு, போனும் கையுமாக இருக்கிற நேரம். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் அங்கே இருக்கிற எங்கள் சொந்தம். அவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார், அதைப் பார்த்த இன்னொருவர் சந்தோஷத்தில் மல்லாவிக்குப் போன் எடுத்திருக்கிறார். மல்லாவியில்தான் அத்தானின் அம்மா இருக்கிறார். அந்த நேரம் அத்தான் எங்கே என்றால், கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மாங்குளம் சந்தியால் திரும்பி மல்லாவிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். போனில் சொல்ல மனமில்லாமல், தாயின் முகத்தைப் பார்த்துத் தன் வாயால் சொல்லவேண்டும் என்று, இரவு முழுக்க நித்திரை இல்லாத மனுஷன் அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார். அவர் படலையைத் திறக்கும்போது மாமி வாசலுக்கு வந்து, "தம்பி, கனடாவால சொன்னவை" என்று கட்டிப்பிடித்து அழுதாராம்.

மாமிக்குச் சந்தோஷம்தான், ஒரு குறையும் சொல்லவில்லை. அத்தானும் என்னிடம் "பரவாயில்லை, விடு" என்று மட்டும்தான் சொன்னார். ஆனால் அந்தக் கற்கண்டு செய்திக்குப் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டது. அழித்த ஸ்டேட்டஸ் என்னுடைய போனில் இல்லாமல் போகும், பார்த்தவரின் போனில் எடுத்த படம் போகாது. இது எனக்கு முன்னமே தெரியும், தெரிந்தும் செய்தேன்.

அதன் பிறகு அக்காவும் அத்தானும் தாங்களே ஒரு பதிவு போடும்வரை நான் ஒன்றும் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நான்காம் நாள் அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஐந்தாம் நாள் பின்னேரம் இரண்டு பேரும் சேர்ந்து பேஸ்புக்கில் போட்டார்கள். இடையில் கிடைத்த நாளில் நான் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன், போனில் நோட்ஸில்தான்.

முதல் எழுதியது இப்படித் தொடங்கியது: "எத்தனையோ வருசத் தவத்துக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வந்த செல்வம்." எழுதும்போது கண் கலங்கியது, அதனால் நல்லது என்று நினைத்தேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "தவம் எண்டு போடாத. அது எங்கட ரெண்டு பேருக்குள்ள இருந்த கதை, உன்ர பேஸ்புக்கில இருக்கிற ஆக்களுக்கு அது தெரியத் தேவையில்லை" என்றாள். எனக்குச் சுள்ளென்றது. ஏனென்றால் அந்த வருஷங்களில் நானும் அவளுடன் கிளினிக்குக்குப் போயிருக்கிறேன், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், என்னுடைய கதையும் அதில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அங்கே கட்டிலில் படுத்து ஊசி போட்டது அவள். கலியாண வீடுகளில் "இன்னும் ஒண்டும் இல்லையோ" என்ற கேள்விக்கு நின்று சிரித்ததும் அவள். எத்தனை வருஷம் என்பதை இங்கும் எழுதப்போவதில்லை.

இரண்டாவது எழுதியதில் "அப்பா திரும்பி வந்திட்டார்" என்று ஒரு வரி. அப்பா போய் மூன்று வருஷம். எங்கள் பக்கத்தில் ஆளில்லாமல் போன வீட்டில் குழந்தை பிறந்தால் எல்லோரும் சொல்வதுதான் இது, ஆள் குறையாத வீடு வன்னியில் எங்கே இருக்கிறது. குழந்தையின் நெற்றியைப் பார்த்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டவே இல்லை, நானே எடுத்துவிட்டேன். அக்கா அதைச் சொல்வாளோ, மல்லாவி மாமா சாயல் என்று அத்தான் சொல்வாரோ, அவர்கள் இன்னும் குழந்தையின் முகத்தைப் பார்த்து முடியவில்லை. அதற்குள் நான் இது இன்னாருடைய முகம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டால், வருகிறவர்கள் எல்லாம் அந்த முகத்தைத்தான் தேடுவார்கள். அதனால் குசினியில் பத்தியக் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டு இருந்த அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப அரைக்கத் தொடங்கினார்.

மூன்றாவது, பிறந்த நேரமும் நிறையும். எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் போட்டிருந்தேன். நிமிஷக் கணக்காகப் பிறந்த நேரத்தை எழுதினால், எங்கள் ஆட்களில் பஞ்சாங்கம் தெரிந்த யாராவது ஒருவர் நட்சத்திரத்தைப் பார்த்துவிடுவார். நட்சத்திரம் தெரிந்தால் பெயருக்கு முதல் எழுத்து என்ன என்று கீழே வந்து எழுதுவார்கள். இன்னொருவர், இந்த நட்சத்திரத்துக்கு மாமனுக்கு ஆகாது, தகப்பனுக்குத் தோஷம் என்று தொடங்குவார். பிறந்த நேரம் எழுதிய துண்டை அக்கா சாத்திரியாரிடமே இன்னும் கொடுக்கவில்லை. நிறையும் அப்படித்தான். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவென்றால் நிறை குறைந்த பிள்ளை என்று கிளினிக்கில் குறிப்பார்கள், அது பலருக்குத் தெரியும். அதற்குக் கொஞ்சம் மேலே என்றாலும் "சின்னப் பிள்ளைதான், தாய் ஒழுங்காச் சாப்பிடேல்லைப் போல" என்று ஒருவராவது சொல்வார். அதோடு அநேகமான குழந்தைகளுக்கு முதல் சில நாளில் நிறை கொஞ்சம் இறங்கி, இரண்டு கிழமைக்குள்தான் திரும்ப ஏறும். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்தபோது இதைச் சொல்லி அக்காவைத் தேற்றினார். நான் பிறந்த நாள் நிறையைப் போட்டிருந்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "இப்ப எவ்வளவு?" என்று அவளைத்தான் கேட்டிருப்பார்கள்.

இவ்வளவையும் எடுத்த பிறகு என்னிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று, நான் சித்தியாகிவிட்டேன் என்பது. முதலில் வெறுமையாக இருந்தது. பிறகு யோசித்தால் ஸ்டேட்டஸில் போட்டதும் அந்த வார்த்தைதானே, கூடவே போட்ட படமும் போட்ட நேரமும்தானே பிழை.

வார்த்தையிலும் ஒரு யோசனை வந்தது. அம்மாவுக்கு "சின்னம்மா" என்று போடவேண்டும், அவர்கள் காலத்தில் அதுதான். எனக்கும் அது விருப்பம், குழந்தை அப்படிக் கூப்பிட்டாலும் சந்தோஷம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் "அம்மா" இருக்கிறது. அக்காவை முதல் முதல் அம்மா என்று எல்லோரும் சொல்கிற கிழமையில் அதில் சின்னதாகக்கூட ஒரு பங்கு நான் எடுக்கவேண்டாம் என்று பட்டது. சித்தி என்றே விட்டேன்.

படத்துக்குத்தான் நாள் போனது. ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களில் முகம் இருந்தது, ஒன்றில் முகம் இல்லை, ஆனால் குழந்தையின் கையில் கட்டியிருந்த பட்டியில் அக்காவின் பெயர் வாசிக்கக்கூடியதாக இருந்தது, இன்னொன்றில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி பாவம் ஒழுங்கற்று அயர்ந்து கிடந்தார். கடைசியில் ஆறாம் நாள் காலையில் முற்றத்துக் கொடியைப் படம் எடுத்தேன். அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, சுடுதண்ணியில் அவித்து, வெயிலில் காயப்போட்ட துணிகள். தைத்தது நான், தோய்த்தது நான், அதைப் போட எனக்கு உரிமை இருக்கிறது. அப்பாவும் அதில் இருக்கிறார், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அக்காவும் அத்தானும் போட்ட பதிவுக்கு வாழ்த்துகள் வந்து ஒரு நாள் ஓடியபிறகு, இதைப் போட்டேன்:

"முற்றத்துக் கொடியில இப்ப சின்னச் சின்னத் துணிதான். போன புதன்கிழமையில இருந்து நான் சித்தி. அக்கா, அத்தான், உங்கட செல்வத்தின்ர கதையை நீங்க சொல்லுங்கோ, நான் துணி காயப்போட்டுக்கொண்டு கேக்கிறன்."

அக்காவை டேக் செய்யவில்லை. டேக் செய்தால் அவளுடைய ஆட்களுக்கும் என்னுடைய பதிவு போகும், அவர்களுக்குச் சொல்லவேண்டிய வாழ்த்து என் படத்தின் கீழே வந்து நிற்கும். இடமும் போடவில்லை. ஆணோ பெண்ணோ, நோர்மலோ சீசரோ, என்ன பெயர் என்று கேட்டவர்களுக்கு "ரெண்டு பேரும் சுகம், மற்றதை அவையள் சொல்லுவினம்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் எழுதினேன். ஒரு சிலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கே போன் எடுத்துக் கேட்டார்கள், அவர்களுக்கும் அதையேதான் சொன்னேன்.

மாமி முப்பத்தோராம் நாள் வந்தபோது கற்கண்டு கொண்டுவந்தார். அன்றைக்கு அத்தான் கொண்டுபோன அதே பொட்டலத்தில் மிச்சம் வைத்திருந்ததாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டார்.

பதிவு போட்ட அன்று நான் முற்றத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து குழந்தையின் அழுகை கேட்டது, அதன் பின்னால் அக்காவின் குரல்:

"சித்தி, துணி காஞ்சிட்டுதோ? ஒண்டு கொண்டு வாங்கோ."