மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு இன்று எழுதிய கடிதம்

நம் வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கையில் படர்தாமரை வந்திருக்கிறது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்த வட்டம். இது பூஞ்சைத் தொற்று. டாக்டர் க்ளோட்ரிமசோல் களிம்பு எழுதியிருக்கிறார்: தினம் 2 வேளை, வட்டத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். தடம் மறைந்தாலும் அவர் சொல்லும் நாள் வரை நிறுத்தக்கூடாது.

கடையில் நீங்களாகக் களிம்பு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் அரிப்பு சீக்கிரம் அடங்கும், பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே போகும். தலையில் முடி கொட்டித் திட்டாக இருந்தால் களிம்பு போதாது, மாத்திரை வேண்டும்.

மருந்து தொடங்கிவிட்டால் குழந்தை மறுநாளே வரலாம். அந்த இடத்தைத் துணியால் மூடினால் போதும்.

கோத்தகிரி மூடுபனியில் ஸ்வெட்டர் லேசில் காய்வதில்லை, தெரியும். ஆனாலும் ஈரத்தோடு போட்டு அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் ஒருவர் குல்லாவை மற்றவர் மாற்றிப் போட விடாதீர்கள். அப்புறம், அது யார் என்று பிள்ளைகளிடம் விசாரிக்காதீர்கள்.