மூட்டிய கைலி, மூட்டாத கைலி: இடுப்பில் அளந்து பார்த்தது

கோத்தகிரிக் குளிருக்கு வீட்டில் தெர்மல் பேண்ட்டின் மேல்தான் கைலி கட்டுவேன். கடையில் எல்லாருக்கும் 2 மீட்டர் என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்படி உட்காருகிறது என்று பார்க்க, ஒரே ரகப் பருத்திக் கைலியில் இரண்டு வாங்கினேன். ஒன்று மூட்ட, ஒன்று அப்படியே கட்ட.

தைக்கக் கொடுக்கும் முன் இரண்டையும் ராத்திரி ஊறவைத்து அலசினேன். கஞ்சி போகாத புதுக் கைலி இடுப்பில் நிற்காமல் வழுக்கும். சுருக்கமும் இருக்கிறது: 200 செ.மீ. நீளம் காய்ந்தபின் 194, 122 உயரம் 119. மூட்டிய பிறகு நனைத்தால் துணி சுருங்கும், பாலியெஸ்டர் நூல் சுருங்காது, தையல் நெளிந்துவிடும்.

உயரத்துக்குக் கணக்கு சுலபம். கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் வரை எனக்கு 97. மேலே மடித்துச் சுருட்ட ஒரு சாண் மிஞ்சுகிறது, அது சரியான அளவு. அதற்குக் குறைந்தால் ஒரு சுற்றுக்கு மேல் சுருட்ட முடியாது, மாடிப்படி ஏறும்போதே நழுவும். ரொம்ப மிஞ்சினால் வயிற்றுக்குக் கீழே உருளையாகத் திரண்டு நிற்கும். குள்ளமானவர்கள் 115 உயரத்தில் தேடுவது நல்லது.

வித்தியாசம் தெரிவது இடுப்பில்தான். தையல் 3 செ.மீ. தின்றது போக, மூட்டிய கைலியின் சுற்றளவு 191. தெர்மலோடு என் இடுப்பு 96. மிச்சம் 95 செ.மீ. ஒரே பக்கமாக இழுத்து மடித்தால் முன்னால் மூன்று அடுக்கு, பின்னால் ஒற்றை அடுக்கு. சுருட்டல் முன்பக்கம் தடித்து, முதுகுப் பக்கம் மெலிந்து இறங்கப் பார்க்கிறது. அப்புறம் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நடுவில் இரண்டு மடிப்பாகக் கொண்டுவந்தேன். முன்பக்கம் தடிப்பு பரவலானது, பிடிப்பும் தேவலை. ஆனால் பின்னால் அதே ஒற்றைத் துணிதான், காற்று புகுகிறது.

மூட்டாதது 194, அதாவது எனக்கு முழுசாக இரண்டு சுற்று. இடுப்பைச் சுற்றி எங்கும் இரட்டை அடுக்கு, சுருட்டலும் ஒரே தடிப்பு. வெளி ஓரத்தைச் செருகினால் போதும். படியில் கால் நீட்டி இறங்கும்போது அந்த ஓரம் விலகினாலும் உள்சுற்று மறைக்கிறது.

மச்சானுக்கு இது சரிப்படவில்லை. அவர் இடுப்பு 118, மேல்சுற்றுக்கு 76 செ.மீ.தான் கிடைக்கிறது. முன்பக்கத்தை மூடிப் பக்கவாட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவே, சம்மணமிட்டால் பிரிகிறது. அவருக்கு 2.25 மீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் மூட்டியதே மேல்.

மழைக்காலத்தில் இன்னொன்று. மூட்டாததைக் கொடியில் ஒற்றையாக விரித்துப் போடலாம். மூட்டியது இரட்டையாகத் தொங்கி, மூடுபனியில் மறுநாளும் தையலோரம் ஈரமாகவே இருக்கிறது.